டிரிப் ஆவது மெஷினாலா, நியூட்ராலாலா?

வாஷிங் மெஷினைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. பழி மெஷின் மேல்தான் விழும். பல வீடுகளில் குற்றவாளி டிபி பெட்டிக்குள் இருக்கிறது.

இரண்டு ஆர்சிசிபி இருந்தால் நியூட்ரல் பாரும் இரண்டு வேண்டும். மெஷினின் பேஸ் முதல் ஆர்சிசிபி வழியே போய், நியூட்ரல் இரண்டாவதன் பாரில் சேர்ந்தால், போன கரன்ட் திரும்பவில்லை என்றே முதல் ஆர்சிசிபி கணக்கிடும். 30 மில்லி ஆம்ப் வித்தியாசமே அதற்குப் போதும்.

மூன்றாம் எம்சிபியின் நியூட்ரலையும் எர்த்தையும் அந்தந்த பாரின் மூன்றாம் துளையிலேயே முடுக்கி, மூன்று வயரிலும் ‘3’ என்று எண் மாட்டினால் இந்தத் தவறு பார்த்ததும் தெரியும். ஒரு துளைக்கு ஒரு வயர்தான். எர்த் பாரில் நியூட்ரல் கூடவே கூடாது.

மூடியில் ‘பிளக் 2’ என்று எழுதிப் பயனில்லை. ‘3 – வாஷிங் மெஷின், பின்கட்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியனின் வேலை, மெயினை அணைத்த பிறகு.