பெயிண்டர் வந்தார், பிளம்பர் வரவில்லை

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகிற நடையில், தலைக்கு மேலே, ஒன்றரை வருடமாக ஒரு ஈரக்கறை. முதலில் ஒரு தட்டு அளவு இருந்தது, பிறகு தாம்பாளம் அளவு ஆனது. நடுவில் பழுப்பு, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவு மாதிரி உதிரும். சில நாள் அது காய்ந்து கிடக்கும். சில நாள் சொட்டும்.

வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணத்தில் இருக்கிறார். நல்ல மனிதர். "சார், மறுபடியும் ஒழுகுது" என்று நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்பிவிடுவார். வந்தது பெயிண்டர். சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். ஐந்தாறு வாரத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும். இப்படி இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் காசு செலவழித்தவர் அவர், இரவில் வாளி வைத்தவர்கள் நாங்கள்.

தவறு என்னுடையதும்தான் என்று பிறகு புரிந்தது. கறைபிடித்த கூரையின் போட்டோவைக் கண்டவர் பெயிண்டரைத்தான் அனுப்புவார். தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்று எழுதியிருந்தால் அவருக்குப் பிளம்பர் நினைவு வந்திருக்கும்.

கூரை ஒழுக்கில் தண்ணீர் வரும் நேரம்தான் காரணத்தைச் சொல்லும். மழைக்கு மட்டும் ஒழுகினால் மொட்டை மாடியையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். இரவு பகல் பாராமல் ஒரே சீராகச் சொட்டினால், எப்போதும் தண்ணீர் அழுத்தம் உள்ள குழாய், அதாவது மேலே தொட்டியிலிருந்து இறங்கும் லைன், எங்கோ விட்டிருக்கிறது. வந்து வந்து நின்றால், மேல்வீட்டுக்காரர்கள் பயன்படுத்தும்போது மட்டும் தண்ணீர் ஓடுகிற இடம், பெரும்பாலும் குளியலறைத் தரையோ கழிவுநீர்க் குழாயோ காரணம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிட அரையடி, ஒரு அடி தாழ்த்தி வார்ப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்று மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுநீர்க் குழாய்களை ஓடவிட்டு, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். உள்ளே ஒரு மூட்டு விட்டுவிட்டால், தண்ணீர் நேராகக் கீழே வராது. ஜல்லி அதைக் குடித்துக்கொள்ளும். பள்ளம் ஊறிய பிறகுதான், கான்கிரீட்டில் இளைத்த இடம் பார்த்துக் கசியும். ஆகவே மேல்வீட்டில் சனிக்கிழமை ஊற்றிய தண்ணீர் நம் வீட்டில் ஞாயிறன்று சொட்டலாம், அதுவும் குளியலறைக்கு நேர் கீழே இல்லாமல் நாலடி தள்ளி. மேல்வீட்டுக்காரர் "எங்க பாத்ரூம் காய்ஞ்சுதானே கிடக்கு" என்று சொல்வதில் பொய் இருக்காது. அவர் பார்ப்பது டைல்ஸை மட்டும்.

ஆகஸ்ட் முழுக்க நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சொட்டத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், வாளியில் சேர்ந்த அளவு. கூடவே, ஏணி போட்டு ஏறி, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த தடவை ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டினால் புதிதாகத் தண்ணீர் வருகிறது என்று பொருள், தாண்டாவிட்டால் பழைய ஈரம். மூன்றாவது வாரமே ஒரு கணக்கு தெரிந்தது. ஒழுக்கு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக வந்த அந்த நீண்ட விடுமுறையில் மட்டும் சனிக்கிழமையே தொடங்கி, செவ்வாய்க்கிழமை வரை நிற்கவில்லை. மாடிப்படியில் மேல்வீட்டு அம்மாவைப் பார்த்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். ஹாஸ்டலில் படிக்கிற மகள் வார இறுதியில் வருகிறாளாம். நடைக்கு மேலே இருக்கிற அந்தக் குளியலறையை அவள் மட்டும்தான் பயன்படுத்துகிறாளாம்.

அன்று இரவே மின்னஞ்சல் எழுதினேன். வாட்ஸ்அப் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. அங்கே என் பழைய புகார்கள் எல்லாம் பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவில் சிதறிக் கிடந்தன. மின்னஞ்சலில் தேதி, படம், பதில் எல்லாம் ஒரே சங்கிலியாக நிற்கும். உரிமையாளர் அதை அப்படியே மேல்வீட்டு உரிமையாளருக்கும் சங்கத்துக்கும் தள்ளிவிடலாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னஞ்சலும் எழுத்துமூலமான தகவல்தான்.

பிறர் கைக்குப் போகப்போகிற கடிதம் என்பதால் ஒரு கோப வார்த்தைகூட வைக்கவில்லை. அனுப்பியது இது:

பொருள்: இரண்டாவது மாடி வீட்டில் நடைக்கூரை ஒழுகுதல் – மூன்றாவது முறை – பிளம்பர் வந்து பார்க்க வேண்டுகிறேன்

ஐயா, வணக்கம். படுக்கையறை நடையின் கூரை மறுபடி ஒழுகுகிறது. ஜனவரியிலும் ஜூனிலும் நீங்கள் ஆள் அனுப்பி பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தீர்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது.

இந்த மாதம் குறித்து வைத்தது: 3-ஆம் தேதி ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கி திங்கள் காலை நின்றது. 10-ஆம் தேதி ஞாயிறு மதியம் தொடங்கி திங்கள் காலை நின்றது. 16-ஆம் தேதி சனி இரவு தொடங்கி 19 செவ்வாய் வரை. 17-ஆம் தேதி இரவு மட்டும் வாளியில் ஒன்றரை லிட்டர். 24-ஆம் தேதி ஞாயிறு ஒழுகவில்லை. அந்த வாரம் மேல்வீட்டுப் பெண் வரவில்லை. இடையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது, அப்போது ஒழுகவில்லை. எனவே மழைநீர் இல்லை, மேலே உள்ள பொதுக் குளியலறையின் கழிவுநீர்க் குழாயோ தரையோ காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பிளம்பர் பார்த்துச் சொல்வதே சரி.

கறையிலிருந்து ஒன்றரை அடியில் விளக்கு பாயிண்ட் இருக்கிறது. அந்த சர்க்யூட்டை எம்சிபியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நடையில் இப்போது விளக்கு இல்லை.

மேல்வீட்டு உரிமையாளரிடம் நீங்கள் பேசி, செப்டம்பர் 7-க்குள் பிளம்பரை வைத்துச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். சனி, ஞாயிறு நான் வீட்டில் இருப்பேன். கூரை காய்ந்த பிறகு பெயிண்ட் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். தேதி தெரியும்படி ஆறு படங்களும் சொட்டும் வீடியோ ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

அவ்வளவுதான். சட்டத்தைப் பற்றி அதில் எழுதவில்லை, ஆனால் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடப் பழுதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. மேல்வீட்டுக்காரரோடு எனக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. நான் போய்ச் சண்டை போட்டால் அது அக்கம்பக்கத்துச் சண்டையாகத்தான் முடியும். வீட்டுக்காரர் கேட்டால் அது சொத்து விஷயம். "வாடகையை நிறுத்திவிடுவேன்" என்ற வரியை நண்பர் ஒருவர் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. வாடகை பாக்கி விழுந்தால், வீட்டைக் காலிசெய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும்.

கூரையில் பழுப்புக் கோடு நேர்க்கோடாக ஓடினாலோ, கைப்பிடியால் தட்டும்போது பொக்கென்று சத்தம் கேட்டாலோ கடிதத்துக்கும் கெடுவுக்கும் காத்திருக்கக் கூடாது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கீழே கட்டில் இருந்தால் அன்றே நகர்த்திவிட்டு, போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கடிதம் அதற்குப் பிறகு. எங்கள் கூரை அந்த நிலைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை உரிமையாளர் போன் செய்தார். "தம்பி, இதைத்தானே முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். கடிதத்தை மேல்வீட்டு உரிமையாளருக்கு அனுப்பியாகிவிட்டது. அவரும் அதே தேதிகளைப் பார்த்து, மகள் வந்துபோன நாட்களோடு ஒப்பிட்டுவிட்டு, மறுப்புச் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

வந்த பிளம்பர் அவசரப்படவில்லை. ஒழுக்கு முழுதாக நிற்கும்வரை அந்தக் குளியலறையைப் பூட்டச் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை, தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பைத் துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் மட்டம் குறித்துவிட்டுப் போனார். மறுநாள் மட்டம் இறங்கவில்லை, கீழே ஒரு சொட்டும் இல்லை. அப்படியென்றால் டைல்ஸ் இடுக்குகள் நன்றாகத்தான் இருக்கின்றன. துணியை எடுத்துவிட்டு, ட்ராப்பில் மட்டும் நாலு வாளி தண்ணீர் ஊற்றினார். சொட்டு நீலமும் கலந்தார். அன்று இரவு பத்தரைக்கு எங்கள் நடையில் முதல் சொட்டு விழுந்தது. நீலம் வரவில்லை, ஜல்லியிலேயே தங்கிவிட்டிருக்க வேண்டும். ஆனால் சொட்டு வந்ததே போதுமானதாக இருந்தது.

ட்ராப்பைச் சுற்றி உடைத்தபோது, அதிலிருந்து போகும் பிவிசி குழாயின் மூட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கழன்றிருந்தது. ஊறிய ஜல்லியை மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். சாக்கடை வாடை மாடிப்படி முழுக்க அடித்தது. குழாய் மாற்றி, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை பூசி, மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்த்து, டைல்ஸ் ஒட்டி முடிக்க எட்டு நாள். மேல்வீட்டில் இன்னொரு குளியலறை இருந்ததால் ஆயிற்று. ஒன்றே ஒன்று இருக்கிற வீட்டில் இந்த எட்டு நாளைக் கேட்டு வாங்குவதுதான் பெரிய பாடு. குழாய்ச் செலவு மேல்வீட்டு உரிமையாளருடையது, எங்கள் கூரை எங்கள் வீட்டுக்காரருடையது என்று அவர்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

பெயிண்ட் உடனே அடிக்கவில்லை. கான்கிரீட் குடித்த தண்ணீர் வெளியே வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அடித்திருந்தால் மறுபடியும் கொப்பளித்திருக்கும். டிசம்பரில் உரிமையாளர் கும்பகோணத்திலிருந்து நேரில் வந்தார். நடையில் நின்று, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கூரையில் இருந்த பென்சில் கோடுகளையும் தேதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக் கோட்டுக்கு வெளியே எங்கும் ஈரம் இல்லை. பிறகு பெயிண்டரிடம், "மத்ததெல்லாம் முடிச்சிட்டு இந்த இடத்தைக் கடைசியா அடிங்க" என்றார்.