கடைசி வரிசைக்கும் தெரியும் பத்து வரி

நிரலாக்கம் பற்றிய ஓர் உரை. மேடையில் ஒருவர் பேசுகிறார், பின்னால் திரையில் நிரல் ஓடுகிறது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பேச்சாளரின் ரசனை முடிவு செய்வதில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் விழித்திரைதான் முடிவு செய்கிறது. அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓர் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவுதான் பார்வைக் கோணம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்குக் கோண நிமிடம் என்று பெயர். நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் தம் பார்வைச் சோதனை அட்டையை இந்த அளவின் மேல்தான் அமைத்தார். இயல்பான பார்வை உள்ளவர் படிக்க வேண்டிய எழுத்து 5 கோண நிமிட உயரம் கொண்டது.

இனி ஓர் அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். திரையின் உயரம் 2 மீட்டர், கடைசி இருக்கை 16 மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு கோண நிமிடம் என்பது சுமார் 4.7 மில்லிமீட்டர். பவர்பாயின்ட்டின் அகன்ற ஸ்லைடு 7.5 அங்குல உயரம், அதாவது 540 பாயின்ட். திரை எவ்வளவு பெரிதானாலும் 12 பாயின்ட் எழுத்து ஸ்லைடு உயரத்தில் 540-இல் 12 பங்குதான். நம் திரையில் அது 44 மில்லிமீட்டர். ஆனால் நிரலில் பெரும்பாலும் வருபவை ஆங்கிலச் சின்ன எழுத்துகள். a, e, n போன்றவற்றின் உயரம் அதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆக 23 மில்லிமீட்டர், ஏறக்குறைய 5 கோண நிமிடம்.

எடிட்டரிலிருந்து முப்பது வரியை அப்படியே எடுத்து 12 பாயின்ட்டில் ஒட்டும் பேச்சாளர், தம்மை அறியாமலே கடைசி வரிசைக்குக் கண் பரிசோதனை நடத்துகிறார். அந்த எழுத்தை முயன்றால் அடையாளம் காணலாம், ஆனால் பேச்சைக் கேட்டுக்கொண்டே சரளமாகப் படிக்க முடியாது. அதற்கு எல்லை அளவைப் போல இரு மடங்குக்கு மேல் வேண்டும். 28 பாயின்ட் வைத்தால் சுமார் 12 கோண நிமிடம் கிடைக்கிறது, கண்ணுக்குச் சிரமம் இருக்காது.

இதைச் சோதிக்க அரங்கத்துக்குப் போகவே தேவையில்லை. நம் கடைசி இருக்கை திரை உயரத்தைப் போல எட்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. 14 அங்குல லேப்டாப்பில் முழுத் திரையில் ஸ்லைடைத் திறந்தால் அதன் உயரம் 17 சென்டிமீட்டர் இருக்கும். அதன் எட்டு மடங்கு, சுமார் 1.4 மீட்டர், பின்னால் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கோணம் அதேதான், எனவே அங்கே தெரிவதுதான் கடைசி வரிசைக்கும் தெரியும்.

எழுத்தின் அளவு முடிவானதும் வரிகளின் எண்ணிக்கையும் தானாக முடிவாகிவிடுகிறது. 28 பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளியும் சேர்த்து 35 பாயின்ட் வேண்டும். தலைப்புக்கும் ஓரங்களுக்கும் இடம் விட்டால் மிஞ்சுவது பத்து, பதினோரு வரி. நிரலுக்கான எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அது எழுத்துரு அளவில் சுமார் 0.6 பங்கு. அதனால் ஒரு வரியில் ஐம்பது எழுத்துதான் அடங்கும். மூன்று அடுக்கு உள்தள்ளி எழுதினால் அதில் பன்னிரண்டை வெற்றிடமே விழுங்கிவிடும். ஆகவே ஸ்லைடில் வைக்கும் நிரலை அதற்கென்றே சுருக்கி எழுத வேண்டியிருக்கிறது.

பைத்தானில் பலரையும் திகைக்க வைக்கும் ஒரு நுட்பத்தை ஆறே வரியில் காட்டலாம்:

```python
def add(item, basket=[]):
    basket.append(item)
    return basket

print(add("tea"))
print(add("milk"))
```

ஐந்தாம் வரி `['tea']` என்று அச்சிடும். ஆறாம் வரி `['milk']` என்று அச்சிடும் என எதிர்பார்ப்போம், வருவதோ `['tea', 'milk']`. காரணம் முதல் வரியில் இருக்கிறது. அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்க்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை உருவாகி, அதே லிஸ்ட் தொடர்ந்து பயன்படுகிறது.

கண் மேலிருந்து கீழாகப் படிக்கும். இந்தக் கதை நடப்பதோ ஐந்தாம் வரியில் தொடங்கி, மேலே ஏறி, ஆறாம் வரிக்கு இறங்கி, மறுபடி முதல் வரிக்கு ஏறி. இந்தப் பாதையில் பார்வையாளரின் கண்ணை அழைத்துச் செல்லத்தான் வரிகளை எடுப்பாகக் காட்டுவது. உலாவியில் ஓடும் ஸ்லைடு மென்பொருளான ரிவீல் ஜேஎஸ்ஸில் இதற்கு ஒற்றை வரி போதும்:

```html
<code class="language-python"
      data-line-numbers="|5|1-3|6|1">
```

நெடுங்கோடுகள் படிகளைப் பிரிக்கின்றன. முதல் படியில் எண் இல்லை. முழு நிரலும் ஒரே ஒளியில் நின்று, அதன் வடிவத்தைப் பார்க்க அவகாசம் தருகிறது. அடுத்தடுத்த படிகளில் பேச்சாளர் சொல்லும் வரி மட்டும் தெளிவாக நிற்கும், மற்றவை மங்கும். மறைவதில்லை, 40 சதவீத அடர்த்தியில் பின்வாங்கும். அதனால் எந்த வரி எதற்குள் இருக்கிறது என்பது கடைசிவரை தெரிகிறது.

இதன் உள்வேலை இன்னும் சுவையானது. வண்ணம் பூசுவது ஹைலைட் ஜேஎஸ் என்ற நிரலகம். அது பைத்தானை இயக்கிப் பார்ப்பதில்லை. எழுத்துகளின் வடிவத்தை மட்டும் பார்த்து, இது குறிச்சொல், இது மேற்கோளுக்குள் உள்ள சரம் என்று ஒவ்வொரு துண்டையும் ஒரு வண்ண உறைக்குள் இடுகிறது. பிறகு வரிகளைத் தனித்தனியாக மங்கச் செய்ய, நிரல் முழுவதும் ஓர் அட்டவணையாக வெட்டப்படுகிறது, வரிக்கு ஒரு நிரை. மூன்று வரிக்கு நீளும் ஒரு சரம் இருந்தால் அதன் உறை வெட்டுக்குக் குறுக்கே நிற்கும். எனவே ஒவ்வொரு வரி முடிவிலும் உறையை மூடி, அடுத்த வரித் தொடக்கத்தில் அதே வண்ணத்தில் மறுபடி திறக்க வேண்டும்.

படிப்படியாக மாறும் ஒளிக்குப் பின்னால் இருப்பதோ நகல்கள். நம் எடுத்துக்காட்டில் ஐந்து படி, எனவே அதே நிரலின் ஐந்து பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் வேறு வரி தெளிவாக இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அடுத்த பிரதி மேலே வருகிறது. நம் கண்ணுக்கு ஒரே நிரலில் வெளிச்சம் இடம் மாறுவதுபோல் தெரிகிறது.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். புரொஜெக்டரால் கருப்பைப் பாய்ச்ச முடியாது; ஒளி படாத திரைதான் அதன் கருப்பு. அரங்க விளக்குகள் எரிந்தால் அந்தக் கருப்பு சாம்பலாக வெளுத்து, மங்கிய வரிகளை விழுங்கிவிடும். வெளிச்சமான அரங்கத்தில் வெள்ளைப் பின்னணி நல்லது, அல்லது மங்கிய வரிகளின் அடர்த்தியை 60 சதவீத அளவுக்கு உயர்த்தலாம். இன்னொன்று வரி எண். நிரலின் தலையில் ஒரே ஒரு `import` வரி சேர்த்தால் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பேச்சாளர் ஐந்தாம் வரியைச் சொல்ல நினைத்திருப்பார், திரையில் நடுவிலுள்ள காலி வரி பளிச்சென்று நிற்கும். நிரலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் எல்லாப் படிகளையும் அழுத்திப் பார்த்துவிடுவதே இதைக் கண்டுபிடிக்கும் வழி.