மாஸ்டர் பேச்சும் அன்றைய பட்டியலும்

அசைவ உணவகத்தில் மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன், பதினொரு மணி வாக்கில், மாஸ்டர் சமையலறை ஆட்களைக் கூட்டி ஐந்தாறு நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, ஸ்பெஷல், தட்டுப்பாடு, வேலைப் பங்கீடு என மூன்றாக எழுதுபவர் பதிவைக் கடைசிவரை கேட்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும். முதல் நிமிடத்தில் சொன்னதை மாஸ்டரே நான்காம் நிமிடத்தில் மாற்றிவிடுவது வழக்கம்.

ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளலாம். "வஞ்சிரம் ஆறு கிலோ வந்திருக்கு, தவா ஃப்ரை ஸ்பெஷல். இறால் தொக்கும் போடலாம். நண்டு வரல. தேங்காய் கம்மி, குருமாவுக்கு முந்திரி சேத்துக்க. சின்ன வெங்காயத்தை யாராவது உரிச்சு வச்சிடுங்க." சற்றுப் பொறுத்து, "இறால் இன்னும் ஐஸ்லதான் இருக்கு, ராத்திரி பாத்துக்கலாம்" என்கிறார். ஆகவே மதிய ஸ்பெஷல் வஞ்சிரம் மட்டுமே. இறால் தொக்கு இரவுப் பட்டியலுக்குப் போகிறது.

"ஆறு கிலோ" என்பதை அப்படியே எழுதினால் சப்ளையருக்கு ஒன்றும் புரியாது. தலை, வால், குடல் போக இரண்டு கிலோ கழியும் என்று வைத்தால், மிஞ்சும் நான்கு கிலோவில் 160 கிராம் துண்டுகள் 25 வரும். பட்டியலில் ஏற வேண்டியது அந்த 25தான். ஐந்து துண்டு மீதமிருக்கும்போது கேப்டனுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் "இருபது" என்பது "அறுபது" என்று கேட்கும். அதனால் எந்த எண்ணையும் எடைச்சீட்டோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

தட்டுப்பாட்டிலும் இரண்டு வகை உண்டு. நண்டு அடியோடு இல்லை; ஆர்டர் எடுக்கும் இடத்திலேயே நிறுத்திவிடலாம். தேங்காயோ குறைவுதான், குருமா கிடைக்கும், ஆனால் அதில் முந்திரி சேர்கிறது. இதைத் தட்டுப்பாடு என்று மட்டும் எழுதிவிட்டால் ஆபத்து. முந்திரி ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளரிடம் சப்ளையர் சொல்லியே ஆக வேண்டும். எனவே அந்த மாற்றம் குருமாவின் பெயரை ஒட்டியே வர வேண்டும்.

வேலைப் பங்கீட்டில்தான் பதிவு அதிகம் ஏமாற்றும். "யாராவது" என்று சொன்ன வேலை யாருடையதும் அல்ல. "இத நீ பாத்துக்க" என்று மாஸ்டர் கை நீட்டியது யாரை என்பதும் ஒலியில் பதியாது. வேலையை ஏற்பவர் தன் பெயரைச் சொல்லிச் "சரி மாஸ்டர்" என்றால் இந்தக் குழப்பம் வராது. இல்லையென்றால், எழுதுபவர் ஊகித்து நிரப்பாமல் இடத்தை வெறுமையாக விட்டு மாஸ்டரிடம் கேட்க வேண்டும். வெங்காயத்துக்கு வந்த பதில்: தந்தூர் உதவியாளர், மூன்று கிலோ, பன்னிரண்டு மணிக்குள்.

பதினொன்றரைக்குள் தாளை மாஸ்டரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்ட பின், ஒரு படி சமையலறைச் சுவருக்கும் ஒரு படி பில் மேசைக்கும் போகும். ஸ்டோர்காரருக்குத் தட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் போதும். மறுநாள் சந்தைப் பட்டியலை அவர் அதை வைத்தே எழுதுவார்.