மூக்கு நுனியில் ஒரு சின்ன வட்டம்

தேர்வு நெருங்கும்போது மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். இடப்பக்கம் A, B, C என்று மூன்று உள்ளீடுகள், நடுவில் நான்கு லாஜிக் கேட்கள், வலப்பக்கம் F என்று ஒரே வெளியீடு. கீழே ஒரு வரி: “பூலியன் எக்ஸ்பிரஷன் எழுதிச் சுருக்குக.”

பலரும் ஒரே மூச்சில் முழு விடையையும் எழுதப் பார்ப்பார்கள். அதில்தான் சறுக்கல். இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு கேட்டிலிருந்தும் வெளியே வரும் கம்பிக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் படத்தில் முதல் கேட்டுக்குள் A, B இரண்டும் நுழைகின்றன. முதுகு தட்டையாகவும் முன்பக்கம் உருண்டையாகவும் இருப்பதால் அது ஆண்ட் வகை: இரண்டும் 1 ஆக இருந்தால்தான் 1 வரும். ஆனால் அதன் மூக்கு நுனியில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கிறது. வட்டம் என்றால் விடையைத் தலைகீழாக்கு என்று பொருள். ஆகவே இது நாண்ட் கேட். வெளியே வருவதை P என்போம். இரண்டாவது, வட்டமில்லாத ஆண்ட். A-யும் P-யும் அதற்குள் போகின்றன. மூன்றாவதன் முதுகு உள்வளைந்து, முனை கூராக இருக்கிறது. அது ஆர் கேட். ஏதாவது ஒன்று 1 என்றாலே போதும். கடைசியில் இன்னொரு ஆண்ட், அதில் C சேர்கிறது.

```
P = (A·B)'
Q = A·P
R = Q + B
F = R·C
```

மேலே நிற்கும் ' குறிதான் அந்த வட்டம். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் F = (A·(A·B)' + B)·C. அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது. (A·B)' வேறு, A'·B' வேறு.

இனிச் சுருக்கலாம். முதல் அடிக்கு உதவுவது டி மார்கன் விதி. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில் என்பது கொசுறுத் தகவல். அவர் விதிப்படி (A·B)' என்பது A' + B'. அதை A-யால் பெருக்கினால் A·A' + A·B'. ஒன்றும் அதன் எதிர்மறையும் ஒரே நேரத்தில் 1 ஆக முடியாது என்பதால் A·A' எப்போதும் 0. மிஞ்சுவது A·B' + B. இதை விதி தேடாமல் யோசித்தே முடிக்கலாம். B 1 என்றால் விடை 1. B 0 என்றால் A என்னவோ அதுவே விடை. அதாவது A + B.

```
F = (A + B)·C
```

நான்கு கேட் இரண்டாகிவிட்டது. பிரெட்போர்டில் கட்டுகிறவருக்கு இது கண்கூடான லாபம். முதல் வடிவத்துக்கு 7400 (நாண்ட்), 7408 (ஆண்ட்), 7432 (ஆர்) என்று மூன்று ஐ.சி. வேண்டும். சுருக்கிய பிறகு 7400 தேவையில்லை.

இப்போது படம் மங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டு ஆகி ஆகி அந்த வட்டம் கரைந்துபோய், முதல் கேட் வெறும் ஆண்ட் மாதிரி தெரிகிறது. அப்போது P = A·B; கணக்கு A·B + B என்று போய் B ஆகச் சுருங்கும். விடை F = B·C. இது சரியான விடையைவிடச் சுருக்கமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது! A, B, C-க்கு எட்டு விதமாக 0, 1 கொடுக்கலாம். அதில் ஏழில் இரண்டு விடைகளும் ஒத்துப்போகும். A=1, B=0, C=1 என்ற ஒரே ஒரு வரிசையில் மட்டும் சரியான விடை 1, தப்பான விடை 0. நாலைந்து வரிசையைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிறவர் தப்பித்துக்கொள்வது அதிர்ஷ்டம்தான். எட்டையும் போட வேண்டும். அதுவும் நாம் எழுதிய எக்ஸ்பிரஷனில் அல்ல, படத்தில் கம்பி கம்பியாக.

இன்னொரு குழப்பம், கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். A-யிலிருந்து இரண்டாவது கேட்டுக்கு இறங்கும் கிளை, B-யின் கம்பியைக் குறுக்கே கடக்கிறது. அங்கே கரும்புள்ளி இல்லை என்றால் இணைப்பு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று போகிறது, அவ்வளவுதான். புள்ளி இருப்பதாக எண்ணிவிட்டால் A-யும் B-யும் ஒரே கம்பியாகிவிடும். இரண்டு உள்ளீடுகள் நேரடியாக ஒட்டிக்கொள்ளும்படி யாரும் வினாத்தாளில் வரைய மாட்டார்கள் என்பதே போதுமான துப்பு.

படம் லாஜிசிம் மென்பொருளிலிருந்து எடுத்தது என்றால் வட்டத்தைக் கண்டுபிடிக்க வேறு வழியும் இருக்கிறது. அதில் 1 ஓடும் கம்பி வெளிர் பச்சை, 0 ஓடுவது கரும்பச்சை. A, B இரண்டும் கரும்பச்சையாக இருக்கும்போது ஆண்ட் கேட்டிலிருந்து கரும்பச்சைதான் வர முடியும். P வெளிர் பச்சையாகத் தெரிந்தால், வட்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது நாண்ட் கேட்தான்.