ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சா? ரப்பர் பேண்டை எடுக்குறதுக்கு முன்னாடி...

இன்னைக்கு ஒரே ஒரு ஸ்க்ரூவைப் பத்திதான் பேசப்போறோம். எமர்ஜென்சி லைட்டுக்கு பேட்டரி மாத்தணும். பின்பக்கம் நாலு ஸ்டார் ஸ்க்ரூ. மூணு வந்துடுச்சு. நாலாவதுல டிரைவர் வழுக்கிக்கிட்டே இருக்கு.

முதல்ல திருகுறதை நிறுத்துங்க. ஸ்டார் ஸ்க்ரூவோட பள்ளம் நேரா இறங்காது, சரிவா இறங்கும். அதனால முறுக்க முறுக்க டிரைவர் மேலே ஏறி வெளியே வரப் பார்க்கும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் கொஞ்சம் உலோகம் போயிடும். பிடிக்கிறதுக்கு மிச்சம் இருக்கறதே அதுதான்.

ஒரு குண்டூசியால பள்ளத்துல இருக்கிற அழுக்கைக் கிளறி எடுங்க. அப்புறம் டிரைவர் சைஸைப் பாருங்க. நிறைய தடவை தப்பு இங்கதான் இருக்கும். கைப்பிடியில பிஎச் 1, பிஎச் 2 மாதிரி எழுதியிருக்கும். நம்பர் ஏற ஏற முனை பெருசு. டிரைவரை ஸ்க்ரூவுல வெச்சு லேசா ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா அது சின்னது. அடுத்த சைஸ் ஆடாம உட்கார்ந்தா, தேஞ்ச ஸ்க்ரூ கூட அதுலயே கழண்டுடும். முனை மழுங்கின பழைய டிரைவர்னா சைஸ் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதுக்கும் வரலைன்னாதான் ரப்பர் பேண்ட். நூல் மாதிரி இருக்கிறது வேண்டாம், பட்டையானதா எடுங்க. ஒரு துண்டு வெட்டி, ஒரே மடிப்பா ஸ்க்ரூ தலை மேல வெச்சு, டிரைவரால உள்ளே அழுத்துங்க. தேஞ்ச இடைவெளியை ரப்பர் நிரப்பிப் பிடிமானம் கொடுக்கும். லைட்டை மேசை மேல வெச்சு, உடம்பு எடையைக் கொடுத்து நேர் கீழே அழுத்திக்கிட்டே, இடப்பக்கமா மெதுவா திருப்புங்க. பலம் முக்கால்வாசி அழுத்தத்துக்கு, கால்வாசி முறுக்குக்கு. பட்டுனு வெடுக்கினா ரப்பர் கிழிஞ்சிடும்.

ஸ்க்ரூ அசையாம ரப்பர் மட்டும் ஓட்டையா கிழிஞ்சு வந்தா இன்னொரு துண்டு வெச்சுப் பாக்கலாம். பள்ளம் முழு வட்டமா ஆகிட்டாலோ, துரு பிடிச்சிருந்தாலோ இது வேலைக்கு ஆகாது.

இன்னொண்ணும் நடக்கலாம்: ஸ்க்ரூ சுத்துது, ஆனா மேலே வரலை. அப்போ போனது தலை இல்ல, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மரை. அங்க ரப்பருக்கு வேலையே இல்ல. மூடியை லேசா நெம்பித் தூக்கிக்கிட்டே திருப்பினா ஸ்க்ரூவும் கூடவே வரும். ரொம்ப நெம்பினா பிளாஸ்டிக் விரிசல் விடும்.

வெளியே வந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீங்க. ஹார்டுவேர் கடையில அதையே காட்டி, அதே தடிமன், அதே நீளத்துல புதுசு வாங்குங்க. நீளம் கூடினா உள்ளே பேட்டரியைக் குத்தும். மாட்டும்போது முதல்ல இடப்பக்கம் மெதுவா சுத்துங்க. பழைய மரையில ‘டக்’னு விழும். அதுக்கப்புறம் வலப்பக்கம் முறுக்குங்க, இறுகினதும் நிறுத்திடுங்க.