நேர்கோட்டில் இருந்தால் தொடரிணைப்பா?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் இரண்டு வாய்பாடுகளை எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தொடரிணைப்பு என்றால் மின்தடைகளைக் கூட்ட வேண்டும். பக்க இணைப்பு என்றால் தலைகீழ் எண்களைக் கூட்டி, வந்த விடையை மறுபடி தலைகீழாக்க வேண்டும். வாய்பாடு சரியாக நினைவிருந்தும் தேர்வில் மதிப்பெண் போகிறது. படத்தைப் பார்த்து ‘இது தொடர், இது பக்கம்’ என்று முடிவுசெய்யும் அந்த ஒரு நொடியிலேயே தவறு நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்கலம். அதன் நேர்முனையிலிருந்து வரும் கம்பியில் 4 ஓம் மின்தடை. அதைத் தாண்டியதும் ஒரு சந்தி. சந்தியிலிருந்து நேரே அதே கோட்டில் 6 ஓம் மின்தடை; கீழே பிரியும் கிளையில் 3 ஓம் மின்தடை. இந்த இரண்டின் மறுமுனைகளும் ஒன்றாகச் சேர்ந்து மின்கலத்தின் எதிர்முனைக்குத் திரும்புகின்றன. தொகுபயன் மின்தடை எவ்வளவு?

பல மாணவர்கள் செய்வது இதுதான். 4 ஓமும் 6 ஓமும் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆகவே தொடரிணைப்பு, கூட்டினால் 10. கீழே இருக்கும் 3 ஓம் அதற்குப் பக்க இணைப்பு. பத்தையும் மூன்றையும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 30/13, அதாவது ஏறக்குறைய 2.3 ஓம். மின்னோட்டம் 12-ஐ 2.3-ஆல் வகுத்து 5.2 ஆம்பியர்.

சரிபார்த்தாலும் இந்த விடை தன்னைக் காட்டிக்கொடுக்காது. 10 ஓம் கிளையில் 1.2 ஆம்பியர், 3 ஓம் கிளையில் 4 ஆம்பியர், கூட்டினால் 5.2. கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. மாணவர் போட்டது வேறொரு மின்சுற்றின் கணக்கு. அந்த மின்சுற்றுக்கு இது மிகச் சரியான விடை. அதனால்தான் எண்களை மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவருக்குத் தவறு கண்ணில் படுவதில்லை.

படத்துக்குத் திரும்பிப் போனால் உடனே படும். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்துக்கு 4 ஓமைத் தவிர வேறு வழியே கிடையாது. முழு மின்னோட்டமும் அதைக் கடந்தாக வேண்டும். அப்படியிருக்க, மொத்தம் 5.2 ஆம்பியர் என்றும் 4 ஓம் வழியாக 1.2 ஆம்பியர் என்றும் சொல்வது எப்படிப் பொருந்தும்? இன்னும் எளிதாகக்கூடப் பார்க்கலாம். தவிர்க்கவே முடியாத இடத்தில் 4 ஓம் நிற்கும்போது, மொத்த மின்தடை 4-க்குக் கீழே இறங்க வாய்ப்பே இல்லை. 2.3 என்ற விடையைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

இரண்டு மின்தடைகள் தொடரிணைப்பில் இருக்க வேண்டுமானால், ஒன்றைக் கடந்த மின்னோட்டம் முழுவதும் அப்படியே மற்றதைக் கடக்க வேண்டும். நடுவில் ஒரு கிளை பிரிந்துவிட்டால், கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் அது தொடரிணைப்பு ஆகாது. பக்க இணைப்புக்கு நிபந்தனை வேறு: இரண்டின் முனைகளும் அதே இரு புள்ளிகளில் சேர வேண்டும். நம் கணக்கில் 6 ஓமுக்கும் 3 ஓமுக்கும் தொடக்கமும் ஒன்று, முடிவும் ஒன்று. ஆகவே முதலில் அவற்றைச் சேர்க்க வேண்டும். 18-ஐ 9-ஆல் வகுத்தால் 2 ஓம். அதோடு 4 ஓமைக் கூட்டினால் 6 ஓம். மின்னோட்டம் 2 ஆம்பியர். 4 ஓமின் குறுக்கே 8 வோல்ட் போக, மிஞ்சும் 4 வோல்ட் இரு கிளைகளுக்கும் பொது. அதில் 3 ஓம் கிளையில் 4/3 ஆம்பியரும் 6 ஓம் கிளையில் 2/3 ஆம்பியரும் பாய்கின்றன. இரண்டும் சேர்ந்து 2.

இந்தக் குழப்பத்துக்கு மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தொடரிணைப்பைச் சொல்லித்தரும் முதல் படத்தில் மின்தடைகளை ஒரே வரிசையில் வரைகிறோம். பக்க இணைப்பை ஒன்றன் கீழ் ஒன்றாக ஏணிப்படி போல வரைகிறோம். பிள்ளைகள் மனதில் தங்குவது இணைப்பின் நிபந்தனை அல்ல, அந்தப் படத்தின் வடிவம்.

போட்டித் தேர்வுகளில் இதைச் சோதிப்பதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. மூன்று 6 ஓம் மின்தடைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ என்று பெயர். கூடுதலாக இரண்டு வெறும் கம்பிகள்: ஒன்று ‘அ’வையும் ‘இ’யையும் இணைக்கிறது, மற்றொன்று ‘ஆ’வையும் ‘ஈ’யையும் இணைக்கிறது. ‘அ’வுக்கும் ‘ஈ’க்கும் இடையே மின்தடை எவ்வளவு? வரிசையைப் பார்த்து 18 என்று எழுதுபவர்கள் அதிகம்.

மின்தடை இல்லாத கம்பியால் இணைந்த புள்ளிகள் எல்லாம் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே புள்ளிதான். ஆகவே ‘இ’யை அடித்துவிட்டு ‘அ’ என்றும், ‘ஈ’யை அடித்துவிட்டு ‘ஆ’ என்றும் எழுதுங்கள். இப்போது முதல் மின்தடை அ–ஆ, இரண்டாவது ஆ–அ, மூன்றாவது அ–ஆ. மூன்றுமே அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. எனவே மூன்றும் பக்க இணைப்பு. விடை 2 ஓம். பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருந்தால் மூன்று 1 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். வரிசையாக இணைத்தால் 3,000 ஓமை ஒட்டிக் காட்டும் மீட்டர், அந்த இரண்டு கம்பிகளைச் செருகியதும் 333 ஓமுக்கு அருகில் இறங்கிவிடும்.

சில படங்களில் இரண்டு வாய்பாடுகளுக்குமே இடமில்லை. இரண்டு கிளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மின்தடைகள், கிளைகளின் நடுப்புள்ளிகளை இணைத்து ஐந்தாவதாக ஒன்று. இதுதான் வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் அமைப்பு. இங்கே நடுப்புள்ளிகள் இரண்டிலும் கிளை பிரிவதால் தொடரிணைப்பு கிடையாது. எந்த இரண்டுக்கும் இரு முனைகளும் பொதுவாக இல்லாததால் பக்க இணைப்பும் கிடையாது. ஒரு கிளையில் 2 ஓமும் 4 ஓமும், மற்றதில் 3 ஓமும் 6 ஓமும் இருந்தால் விகிதம் சமமாகிறது. நடு மின்தடையில் மின்னோட்டம் பாயாது. அதை எடுத்துவிட்டு 6-ஐயும் 9-ஐயும் பக்க இணைப்பாகக் கொண்டால் 3.6 ஓம். விகிதம் சமமாக இல்லையென்றால் வாய்பாடுகளை ஓரமாக வைத்துவிட்டு, 1845-இல் கிர்க்காஃப் தந்த விதிகளுக்குத்தான் போக வேண்டும். எப்படியாவது கூட்டியோ வகுத்தோ விடை கொண்டுவர முயல்வது வீண்.

கணக்கைத் தொடங்கும் முன் சந்திகளுக்குப் பெயரிட்டு, படத்தை ஒருமுறை மறுபடி வரையச் சொல்லுங்கள் என்பது ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் என் வேண்டுகோள். பழக ஒரு கணக்கு: நான்கு 10 ஓம் மின்தடைகளைச் சதுரமாக இணையுங்கள். மின்கலத்தை எதிரெதிர் மூலைகளில் வைத்தால் விடை 10 ஓம். அதே சதுரத்தில், ஒரு மின்தடையே நடுவில் இருக்கும் அடுத்தடுத்த இரு மூலைகளுக்கு மின்கலத்தை மாற்றினால் 7.5 ஓம். ஏன் என்று உங்கள் பிள்ளையைப் படம் வரைந்து விளக்கச் சொல்லுங்கள்.