கம்பியில் தொடங்கும் கணக்கு

ஸ்கிரீன் தைக்கக் கொடுக்கப் போனால் கடையில் முதலில் கேட்பது ஜன்னல் எத்தனை அடி என்றுதான். நாமும் நாலடி அகலம், நாலரை அடி உயரம் என்று சொல்லிவிட்டு வருகிறோம். தைத்து வந்ததை மாட்டினால் நடுவில் இரண்டு துணியும் சேராமல் ஒரு கோடு வெயில் உள்ளே விழும், அல்லது கொசுவங்கள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் நிற்கும். தையலில் குறை இருக்காது. திரை தொங்குவது கம்பியில். அதை விட்டுவிட்டு ஜன்னலை அளந்ததுதான் கோளாறு.

அதனால் முதலில் கம்பியை மாட்டிவிடுங்கள், பிறகு அளக்கலாம். மேற்கே பார்த்த ஒரு ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். அகலம் 48 அங்குலம், உயரம் 54. கம்பி இரு பக்கமும் 4 அங்குலம் தாண்டி நிற்கிறது, ஆக 56. திரை இரண்டு துண்டு என்பதால் ஒவ்வொன்றும் மூட வேண்டியது 28. இதோடு இரண்டு சின்ன அளவுகளைக் கூட்ட வேண்டும், பலரும் விடுவது இவற்றைத்தான். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க 2 அங்குலம். கம்பி சுவரிலிருந்து 3 அங்குலம் முன்னால் நிற்கிறது என்றால், பக்கவாட்டில் சுவர் வரை திரும்பி மூட அந்த 3 அங்குலம். கொசுவம் எடுத்து முடித்த பின் ஒரு துண்டின் தலைப்பகுதி 33 அங்குலம் இருந்தாக வேண்டும்.

இறக்கத்தை இன்ச் டேப்பில் அளக்காதீர்கள், அது இழுபடும். இரும்பு டேப்பில், வளையத்தின் அடியில் இருக்கும் சின்னக் கண்ணிலிருந்து திரை முடிய வேண்டிய இடம் வரை அளந்துகொள்ளுங்கள். நம் ஜன்னலில் சட்டத்துக்கு மேலே 4, ஜன்னல் 54, கீழே வெளிச்சம் கசியாமலிருக்க 6, மொத்தம் 64. இடம், வலம், நடு என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். தரை வரை தொங்கும் திரையானால் இது கட்டாயம், ஏனென்றால் நம் வீட்டுத் தரைகள் பார்வைக்குத்தான் மட்டம். மூன்றில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். 64-உடன் கீழ் மடிப்புக்கு 8 அங்குலம் (4 அங்குலத்தை இரண்டு முறை மடிக்க), மேலே பக்ரத்தைச் சுற்றி மடிக்க 5. வெட்டும் நீளம் 77.

அகலத்துக்கு எவ்வளவு துணி என்பதில்தான் கடைக்காரருக்கும் நமக்கும் வாக்குவாதம் வரும். தலைப்பகுதி அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைந்தால் கொசுவம் மேலே மட்டும் இருக்கும், கீழே துணி பலகைபோல் தட்டையாகிவிடும். நடுத்தர கனமுள்ள பருத்திக்கு இரண்டேகால் மடங்கு போதும், மெல்லிய துணி என்றால் இரண்டரைக்கு மேல் போகலாம். 33-ஐ இரண்டேகாலால் பெருக்கினால் சுமார் 74. 54 அங்குலப் பன்னா துணியில் ஒன்றரை அகலம் எடுத்தால் 81. இணைப்புத் தையலுக்கு 1, இரு ஓரமும் இரண்டரை வீதம் மடிக்க 5 போனால் மீதி 75. சரியாக வந்துவிட்டது. இரண்டு துண்டுக்கும் சேர்த்து 77 அங்குல நீளத்தில் மூன்று வெட்டு, அதாவது ஆறு மீட்டர் துணி. பெரிய பூ போட்ட துணியாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். பூ 18 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், ஒவ்வொரு வெட்டையும் 77-க்குப் பதில் 90 ஆக்கினால்தான் இணைப்பில் பூவோடு பூ பொருந்தும். அப்போது ஏழு மீட்டர்.

இனி கொசுவம். கையில் இருப்பது 75, வர வேண்டியது 33. மிச்சம் 42 அங்குலம் முழுவதும் கொசுவத்துக்குள் போக வேண்டும். எட்டுக் கொசுவம் என்றால் ஒவ்வொன்றும் ஐந்தேகால் அங்குலம் விழுங்கும். எட்டுக் கொசுவத்துக்கு நடுவே ஏழு இடைவெளி, மூட வேண்டிய 28-ஐ ஏழால் வகுத்தால் ஒவ்வொன்றும் 4. சுவர்ப்பக்கம் 3 அங்குலமும் நடுப்பக்கம் 2 அங்குலமும் கொசுவமில்லாமல் தட்டையாகவே நிற்கும். எல்லோருக்கும் கணக்கு இப்படி முழுசாக அமையாது. அரையும் காலும் மிஞ்சினால் அதைக் கொசுவங்களுக்குள் தள்ளிவிடுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள். ஒரு கொசுவம் ஐந்து, பக்கத்தது ஐந்தரை என்று இருந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. இடைவெளியில் கால் அங்குலம் பிசகினாலும் வாசலில் நின்றே தெரியும்.

இன்னொரு நுணுக்கம், இணைப்புத் தையல் எங்கே விழுகிறது என்பது. அரை அகலத் துண்டு எப்போதும் சுவர்ப்பக்கம்தான். இரண்டு துண்டும் கண்ணாடி பிம்பம்போல் எதிரெதிராக வர வேண்டும் என்பதால், வெட்டிய உடனேயே இடம், வலம் என்று சாக்பீஸால் எழுதிவிடுவது நல்லது. மேலே சொன்ன கணக்கில் சுவர்ப்பக்க ஓரத்திலிருந்து 24-ஆவது அங்குலத்தில் தையல் வருகிறது. அது மூன்றாவது கொசுவத்தின் நட்டநடு. கொசுவத்தின் நடுவை உள்ளே அழுத்தி இரண்டு விரலாக அமைத்தால் தையல் பள்ளத்தில் மறைந்துவிடும். அதையே மூன்று விரலாக எடுத்தால் நடுவிரலின் முகட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்தத் திரைக்கு இரட்டை விரல் கொசுவமே.

மேற்கு வெயிலுக்கு லைனிங் இல்லாமல் தைப்பது வீண். சாயம் வெளுப்பதும் நூல் இற்றுப்போவதும் வெயில் நேரே படும் துணியில்தான், அந்த அடியை லைனிங் வாங்கிக்கொள்ளட்டும். திரைத்துணி, லைனிங் இரண்டையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். லைனிங்கும் அதே ஒன்றரை அகலம், இணைப்பும் அதே இடத்தில். இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, திரையின் ஓர மடிப்பின்மேல் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். கீழே திரையைவிட ஓர் அங்குலம் குட்டையாகத் தனியே மடித்துத் தொங்கவிட வேண்டும், இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது. நனைத்த பிறகும் இரு துணியும் ஒரே அளவில் சுருங்காது, தளராது. சேர்த்து அடித்தால் ஒன்று மற்றதை இழுத்து, கீழே பை கட்டியதுபோல் உப்பிக்கொள்ளும். இணைப்பை அடிக்கும்போது துணியின் கரையையும் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்துத் தளர்த்துங்கள். கரை இறுக்கமாக நெய்யப்பட்டது, அப்படியே விட்டால் இணைப்பு நெடுகச் சுருக்கம் விழும்.

கீழ் மடிப்பும் லைனிங்கும் முடிந்த பிறகே மேல்பகுதிக்கு வர வேண்டும். திரையை மேசையில் விரித்து, கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 64 அங்குலம் பல இடங்களில் குறித்து, அந்தக் கோட்டில் 4 அங்குலப் பக்ரத்தை வைத்து மடியுங்கள். லைனிங்கின் தலையும் அந்த மடிப்புக்குள் போய்விடும். கொசுவங்களைக் குண்டூசியால் மட்டும் பிடித்து, முழு நீளம் 33 வருகிறதா என்று பார்த்த பிறகு மெஷினுக்குப் போகலாம். தையல் மேல் விளிம்பிலிருந்து பக்ரத்தின் அடிவரை செங்குத்தாக ஓடினால் போதும், அதற்குக் கீழே மடிப்பு தானாக விழும்.

நெசவு தளர்வான கைத்தறித் துணி என்றால் கீழ் மடிப்பைப் பெரிய ஓட்டுத் தையலில் தற்காலிகமாகப் பிடித்து, ஒரு வாரம் தொங்கவிடுங்கள். அதன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும். பிறகு மறுபடி அளந்து, ஏறிய இறங்கிய இடங்களை அந்த 8 அங்குலத்துக்குள் சரிசெய்து ஹெம்மிங் போடலாம். அந்த மடிப்பு ஏன் அத்தனை பெரிது என்று தையல்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.